பாதியில் நின்ற பதில்: கண்டுபிடிப்பதும் தொடர்வதும்

தனிம வரிசை அட்டவணையில் உள்ள 118 தனிமங்களையும் தமிழ்ப் பெயரோடு பட்டியலிடும்படி ஒரு நிரல், மொழி மாதிரியிடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு தனிமம். அணு எண், குறியீடு, பெயர் ஆகிய மூன்றும் காற்புள்ளியால் பிரிக்கப்பட வேண்டும். வந்த பதிலின் கடைசி இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன:

```
46,Pd,பல்லேடியம்
47,Ag,வெள்
```

படிப்பவருக்கு இது 'வெள்ளி' என்று உடனே தெரிந்துவிடும். நிரலுக்குத் தெரியாது. மூன்று பகுதிகளும் இருப்பதால் அது இந்த வரியை ஏற்றுக்கொண்டு, 'வெள்' என்ற பெயரைத் தரவுத்தளத்தில் சேமித்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மீதி 71 தனிமங்கள் வராததையும் அது கவனிக்காது.

மொழி மாதிரி, பதிலை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக ஒவ்வொன்றாக உருவாக்குகிறது. அதிகபட்சம் எத்தனை டோக்கன் வரலாம் என்ற வரம்பை நிரலாளர் வைக்கலாம். அந்த எண்ணிக்கையைத் தொட்டதும், சொல்லின் நடுவிலானாலும் உற்பத்தி நின்றுவிடும். பொதுவாக மாதிரிக்கு இந்த வரம்பு தெரியாது. அதனால் இடத்துக்கு ஏற்பப் பதிலைச் சுருக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. தமிழில் இந்த வெட்டு இன்னும் சீக்கிரம் வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லே ஒரு டோக்கனாக அமைகிறது. தமிழ்ச் சொல் பல டோக்கன்களாக உடைவது வழக்கம். ஆங்கிலத்துக்குப் போதுமென்று வைத்த வரம்பு தமிழுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

பதில் வெட்டுப்பட்டதா என்பதை அதன் வால் பகுதியைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. பதிலோடு சேர்ந்தே, ஏன் நின்றது என்ற காரணமும் வருகிறது. ஓப்பன்ஏஐ சாட் கம்ப்ளீஷன்ஸ் இடைமுகத்தில் அதன் பெயர் `finish_reason`. மாதிரி தானாக முடித்திருந்தால் மதிப்பு `stop`. வரம்பு தடுத்திருந்தால் `length`. ஆந்த்ரோபிக் இடைமுகத்தில் பெயர் `stop_reason`. அங்கே இயல்பான முடிவு `end_turn`, வரம்பில் நின்றது `max_tokens`. பதிலைத் துண்டு துண்டாகப் பெறும் ஸ்ட்ரீமிங் முறையில் இந்த மதிப்பு ஓட்டத்தின் முடிவில்தான் வரும். காரணம் வராமலே இணைப்பு அறுந்துவிட்டால், அந்தப் பதிலையும் முழுமையற்றதாகவே கொள்ள வேண்டும்.

வெட்டு உறுதியானதும், 'தொடரவும்' என்று கேட்டு வருவதை அப்படியே ஒட்டிவிடத் தோன்றும். அங்கேதான் சிக்கல். மாதிரி 'ளி' என்று தொடங்கலாம். 47ஆம் வரியை முதலிலிருந்து எழுதலாம். 'இதோ மீதிப் பட்டியல்' என்று முன்னுரையும் போடலாம். எது வருமென்று உறுதியில்லை. அதனால் ஒட்டுவதற்கு முன் பின்வாங்க வேண்டும்: கடைசி முழு வரி வரை வைத்துக்கொண்டு, அரைகுறை வரியை எறிந்துவிட வேண்டும்.

```python
c = resp.choices[0]
text = c.message.content or ""
if c.finish_reason == "length":
    text = text[:text.rfind("\n") + 1]
```

கடைசி வரி உண்மையில் முழுமையாக இருந்து, வரிமுறிவு மட்டும் வராமல் போயிருந்தாலும் நட்டமில்லை. அதே வரி மறுபடி கேட்கப்படும். இப்போது 46 வரிகள் கையில் உள்ளன. மூலக் கேள்வி, மாதிரியின் பதிலாக இந்த 46 வரிகள், பிறகு 'அணு எண் 47இலிருந்து அதே வடிவில் தொடரவும். முன்னுரை வேண்டாம்' என்ற புதிய செய்தி ஆகிய மூன்றையும் வரிசையாக அனுப்ப வேண்டும். மாதிரிக்கு முந்தைய அழைப்பு நினைவிருக்காது. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் திரும்ப அனுப்பியாக வேண்டும், அதற்கான உள்ளீட்டுச் செலவும் ஒவ்வொரு முறையும் உண்டு. வரும் பகுதியும் `length` என்று முடிந்தால் இதையே திரும்பச் செய்யலாம்.

இந்தச் சுழற்சிக்கு ஒரு கடிவாளம் தேவை. பின்வாங்கிய பிறகு ஒரு வரிகூட மிஞ்சவில்லை என்றால், மறுபடி கேட்பதில் பயனில்லை. வரம்பைத்தான் உயர்த்த வேண்டும். பதிலுக்கு முன் உள்ளுக்குள் யோசிக்கும் மாதிரிகளில் இது நடக்கும். அந்த யோசனையும் வரம்பிலேயே கழிவதால், பதில் காலியாக வந்து காரணம் மட்டும் `length` என்றிருக்கலாம். முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சம் வைக்காவிட்டால் செலவு ஏறிக்கொண்டே போகும்.

`stop` என்று வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. மாதிரி தானாக நிறுத்தியது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி செய்யாது. 90ஆம் தனிமத்தோடு பட்டியலை முடித்துக்கொண்டாலும் அதே சொல்தான் வரும். அதனால் ஒட்டிய பட்டியலில் அணு எண்கள் 1 முதல் 118 வரை விடுபடாமல், இரட்டிக்காமல் இருக்கின்றனவா என்று நிரலே எண்ணிப் பார்த்த பிறகுதான் சேமிக்க வேண்டும்.