தீவுக்குள் ‘அது’ எப்படி வந்தது?

ஒரு கழுதையின் படம். அதைப் பற்றி ஓர் ஆங்கில வாக்கியத்தை முடிக்க வேண்டும். ஃபெர்னாண்டா ஃபெரைரா, பெஞ்சமின் ஸ்வெட்ஸ் என்ற இரு மொழி ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இப்படிச் சொன்னார்கள்: ‘திஸ் இஸ் எ டாங்கி தட் ஐ டோன்ட் நோ வேர் இட் லிவ்ஸ்’. எங்கே வாழ்கிறது என்று எனக்குத் தெரியாத கழுதை இது என்பது பொருள். அதே மாதிரி வாக்கியங்களைக் காட்டி, இவை நல்ல ஆங்கிலமா என்று கேட்டபோதோ, நன்றாக இல்லை என்று மதிப்பெண் போட்டார்கள். அவசரத்தில் வாய் தவறியதும் அல்ல. போதிய நேரம் கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

உறுத்துவது நடுவில் நிற்கும் ‘இட்’ என்ற சிறு சொல். ‘நான் பார்த்த கழுதை’ என்பதை ஆங்கிலத்தில் ‘த டாங்கி தட் ஐ சா’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். எதைப் பார்த்தேன் என்ற இடம் காலியாகவே இருக்கும். முன்னால் நிற்கும் கழுதைதான் அந்த இடத்துக்கு உரியது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ‘சா இட்’ என்று அங்கே ஒரு பிரதிப்பெயரைப் போட்டால் பிழை. அப்படிக் காலியிடத்தில் திரும்பி வந்து உட்காரும் ‘அது’, ‘அவன்’, ‘அவள்’ போன்ற சொற்களை மொழியியலில் ‘ரிசம்ப்டிவ்’ பிரதிப்பெயர் என்பார்கள். இங்கே மீள்பெயர் என்று வைத்துக்கொள்வோம்.

காலியிடம் எங்கும் வந்துவிடாது. ஜான் ராஸ் 1967-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டில், வாக்கியத்தின் சில பகுதிகளுக்குள்ளிருந்து ஒரு சொல்லை வெளியே நகர்த்தவே முடியாது என்று காட்டினார். அவற்றுக்கு அவர் சூட்டிய பெயர் ‘தீவுகள்’. ‘எங்கே வாழ்கிறது’ என்ற கேள்வித் துண்டு ஒரு தீவு. ‘அதைப் பேசத் தெரிந்த ஆள்’ போன்ற பெயரெச்சத் தொடரும் தீவுதான். கழுதை வாக்கியத்தில் ‘இட்’ என்பதை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டால், தீவுக்குள்ளிருந்து கழுதையை வெளியே இழுத்ததாகிவிடும்; வாக்கியம் உடைந்துபோகும். மீள்பெயர் அந்த உடைப்பைச் சரிசெய்யும் ஒட்டு என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் ராஸே வேறொரு பிரிவினையையும் செய்திருந்தார். ஒரு சொல்லை வெட்டி நகர்த்தும் விதிகள் ஒரு வகை. பழைய இடத்தில் ஒரு பிரதிப்பெயரை விட்டுவைக்கும் விதிகள் இன்னொரு வகை. தீவுகளின் தடை முதல் வகைக்கு மட்டுமே என்றார் அவர். கேள்வி இப்படித்தான் இரண்டானது: மீள்பெயர், தீவை மீறிய வாக்கியத்தைப் பின்னால் வந்து காப்பாற்றுகிறதா? அல்லது அந்த வாக்கியம் தொடக்கத்திலிருந்தே நகர்வு என்ற வழியில் போகாமல், வேறு விதமாகக் கட்டப்பட்டதா?

இரண்டாவது பதிலுக்கு மிகத் தெளிவான சாட்சி ஐரிஷ் மொழி. ஜேம்ஸ் மக்ளாஸ்கி பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்த களம் அது. ‘தேவதைகள் திருடிய சிறுமி’ என்பதை ஐரிஷில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்றில் காலியிடம், மற்றொன்றில் ‘அவளை’ என்ற பொருளுள்ள ‘ஈ’. இரண்டும் நல்ல ஐரிஷ்தான். விஷயம் என்னவென்றால், வினைக்கு முன்னால் வரும் இணைப்புச் சொல்லும் கூடவே மாறுகிறது. காலியிடம் என்றால் ‘அ’. மீள்பெயர் என்றால், இறந்தகாலத்தில், ‘அர்’. மற்றக் காலங்களில் எழுத்தில் இரண்டும் ‘அ’ போலத் தெரிந்தாலும், அடுத்த சொல்லின் முதல் மெய்யில் வேறுபாடு காட்டிக்கொடுத்துவிடும். முதல் ‘அ’ அந்த மெய்யை மென்மையாக்கும். இரண்டாவது அதை மூக்கொலியாக்கும். ஐரிஷில் அடிப்பதைக் குறிக்கும் வினை ‘ப’ ஒலியில் தொடங்குகிறது. முதல் ‘அ’வுக்குப் பின் அது ‘வ’ போல ஒலிக்கும், இரண்டாவதற்குப் பின் ‘ம’ ஆகிவிடும்.

நீளமான வாக்கியத்தில் இந்தச் சொற்கள் காலடித் தடங்கள் மாதிரி. ‘நீ செய்வாய் என்று நீ சொன்னதாக நான் நினைத்த காரியம்’ என்பதில் மூன்று வினைகள். காலியிடத்தோடு சொல்லும்போது மூன்றுக்கும் முன்னால் நகர்வின் ‘அ’ வருகிறது. சாதாரணமாக வரவேண்டிய, ‘என்று’ என்ற பொருளுள்ள ‘கோ’ ஓரிடத்திலும் இல்லை. ‘காரியம்’ ஒவ்வொரு படியிலும் கால்வைத்து மேலே ஏறியிருக்கிறது என்று இதைப் படிக்கிறார்கள். ‘அரசருக்கு விசுவாசமானவர்கள் என்று அரசு வழக்கறிஞர் நினைத்த ஆட்கள்’ என்ற மீள்பெயர் வாக்கியத்திலோ உச்சியில் மட்டும் ‘அர்’, கீழே வழக்கமான ‘கோ’, அதன்பின் ‘அவர்கள்’. இடைப்பட்ட படியில் தடமே கிடையாது. யாரும் அந்த வழியாக ஏறவில்லை.

தீவுக்குள் போய்ப் பார்த்தாலும் கதை மாறவில்லை. ‘இது ஒரு மொழி, அதைப் பேசத் தெரிந்த எவர் மீதும் எனக்கு மரியாதை இருக்கும்’ என்ற பொருளை ஐரிஷ்காரர் ஒரே தொடராகப் பின்னிவிடுவார். தொடரின் உச்சியில் மூக்கொலி ‘அ’. பெயரெச்சத் தீவின் உள்ளே ‘அதை’ என்ற மீள்பெயர். எவருக்கும் உறுத்தாது. அந்த மீள்பெயரை நீக்கிவிட்டு மென்மை ‘அ’வைப் போட்டால் வாக்கியம் கெடும். தீவுக்கு வெளியே இருந்தபோதும் இதே மூக்கொலி ‘அ’தான், இதே மீள்பெயர்தான். ஆகவே இங்கே காப்பாற்றப்பட்டது எதுவுமில்லை. எதுவும் நகரவில்லை, தீவின் கரை மீறப்படவும் இல்லை.

எல்லா மொழியிலும் இவ்வளவு சுத்தமாகப் பிரியுமா? பிரியாது. ஜோசஃப் ஔன், லினா ஷுவைரி, நார்பர்ட் ஹார்ன்ஸ்டீன் மூவரும் 2001-இல் லெபனான் அரபியை எடுத்துக்கொண்டார்கள். ‘அவளுடைய சோம்பேறி மாணவன், அவன் தேர்வில் ஏமாற்றினான் என்று எந்த ஆசிரியையிடமும் சொல்ல நாங்கள் விரும்பவில்லை’ என்பது அவர்களின் சோதனை வாக்கியம் ஒன்றின் சாரம். ‘அவளுடைய’ என்பது இங்கே ஒவ்வோர் ஆசிரியையையும் அவரவர் மாணவனோடு பொருத்தும் பொருளைத் தரக்கூடும். அந்தப் பொருள் கிடைக்க, மாணவன் தொடர் முன்பு ‘எந்த ஆசிரியை’ என்பதன் பிடிக்குள் இருந்து, பிறகு முன்னால் வந்திருக்க வேண்டும். ஆக மீள்பெயர் நின்றாலும் நகர்வு நடந்திருக்கிறது.

‘அவன்’ என்பதைத் தீவுக்குள் வையுங்கள்: ‘அவளுடைய சோம்பேறி மாணவன், அவன் வருவதற்குமுன் எந்த ஆசிரியையிடமும் நாங்கள் பேசவில்லை.’ வாக்கியம் நிற்கிறது, ஆனால் அந்தப் பொருள் மறைந்துவிடுகிறது. ‘அவள்’ வேறு யாரோ ஒரு பெண். அதே ‘அவன்’, அதே மொழி. ஆனால் வெளியே நகர்வின் எச்சம், தீவுக்குள் வெறும் பிரதிப்பெயர்.

மீண்டும் கழுதை. ஆங்கிலத்தில் ஐரிஷ் போலத் தனி இணைப்புச் சொல் இல்லை. தியோடோரா அலெக்ஸோபூலு, ஃபிராங்க் கெல்லர் இருவரும் 2007-இல் ஆங்கிலம், கிரேக்கம், ஜெர்மன் பேசுவோரிடம் வாக்கியங்களை மதிப்பிடச் சொன்னார்கள். தீவுக்குள் மீள்பெயர் போட்ட வாக்கியம், காலியிடம் விட்ட வாக்கியத்தைவிட உயர்ந்த மதிப்பைப் பெறவில்லை. பேசத் தொடங்கியவர் தீவுக்குள் மாட்டிக்கொண்டபின் கைக்குக் கிடைத்ததை வைத்து வாக்கியத்தை முடிக்கிறார், அவருடைய இலக்கணம் அதை ஏற்பதில்லை என்பது இதற்கான பொருத்தமான விளக்கம்.

தமிழ் வாசகருக்கு அந்தக் கழுதை எந்தத் தொல்லையும் தராது. ‘எங்கே வாழ்கிறது என்று எனக்குத் தெரியாத கழுதை’ என்பது சரளமான தமிழ். ஆனால் தமிழில் ‘அது’வைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் வழக்கம். அப்படியானால் ‘வாழ்கிறது’ என்பதன் முன்னால் இருப்பது நகர்ந்து போன இடமா, ஒலிக்காத ஒரு மீள்பெயரா? காதால் கேட்டுச் சொல்ல முடியாது. லெபனான் வாக்கியங்களைப் போன்ற பொருள் சோதனைகளைத் தமிழிலும் கட்டிப் பார்க்க வேண்டும்.