கடைசி வரியில் கிடந்த எண்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் அதில் இருந்தார்கள். மோதலால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள்.

அதில் ஒரு ஸ்லைடை இன்றும் பாடமாகக் காட்டுகிறார்கள். வெப்பம் தாங்கும் ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு தேவைக்கு மேலேயே எச்சரிக்கையாக இருப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன என்பது அதன் தலைப்பு. படிப்பவருக்கு அங்கேயே நிம்மதி வந்துவிடும். கீழே ஒன்றுக்குள் ஒன்றாகப் புல்லட்டுகள். 'கணிசமான' என்ற பொருள் தரும் சொல் 5 இடங்களில் வருகிறது. எவ்வளவு என்று பெரும்பாலான இடங்களில் இல்லை. கடைசியில், பொடி எழுத்தில், உண்மையான செய்தி கிடக்கிறது: சோதனைக்கு எடுத்த துண்டு 3 கன அங்குலம், கலத்தில் மோதியதோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்த ஸ்லைடை எழுத என்னிடம் கொடுத்திருந்தால் இப்படி எழுதுவேன்:

ஓடு தாங்கும் என்று சொல்ல நம்மிடம் சோதனை இல்லை
- மோதிய துண்டு, சோதித்ததைப் போல் 640 மடங்கு பெரியது.
- போதிய எடையும் வேகமும் இருந்தால் நுரை ஓட்டைத் துளைக்கும். இது சோதனையிலேயே தெரிந்தது.
- இறக்கையைப் படமெடுக்க இன்றே அனுமதி வேண்டும்.

புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. முதல் இரண்டு வரிகளும் அந்த ஸ்லைடிலேயே இருந்தவை. படம் வேண்டும் என்று நாசா பொறியாளர்கள் தனியே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கிடைக்கவில்லை.

அறிக்கையைச் சுருக்கும்போது நாம் வழக்கமாக முதலில் வெட்டுவது 'ஆனால்', 'இருந்தால்' என்று தொடங்கும் வரிகளை. முடிவு எந்த நிபந்தனையில் நிற்கிறது என்பது அவற்றில்தான் இருக்கும். முறைகளை வெட்டலாம், பின்னணியை வெட்டலாம். நிபந்தனையை வெட்டினால் முடிவே பொய்யாகிவிடும். 'கணிசமான' என்று எழுதக் கை போகும்போதெல்லாம் அந்த இடத்தில் எண்ணைப் போடுங்கள். எண் இல்லையென்றால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

முடித்த பிறகு, தலைப்பை மட்டும் ஒரு சக ஊழியரிடம் படித்துக் காட்டி, மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் தலைப்பை மாற்றுங்கள்.

பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் கொலம்பியா சிதறியது, யாரும் பிழைக்கவில்லை. உயிர் போகும் ஆபத்தைப் பற்றியது அந்த ஸ்லைடு என்று மேலதிகாரி ஒருவர் உணராமல் போயிருக்கலாம் என விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியது.