பருப்பு இன்னும் எத்தனை நாள் வரும்?
பலசரக்குக் கடைக்காரரின் இருப்புக் கணக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். ஒரு பக்கம் பருப்பு, வத்தல், எண்ணெய்க்குப் பெயர்போன விருதுநகர் மார்க்கெட். மறு பக்கம் பட்டாசு ஆலைகள்.

இங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சனிக்கிழமை சம்பள நாள். பட்டாசு ஆலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் அன்று மாலை நேரே கடைக்கு வருகிறார்கள். கையில் பை, பைக்குள் சீட்டு.

"அண்ணாச்சி, துவரம் பருப்பு ஒரு கிலோ."

"பருப்பு நாளைக்கு வரும், தாயி. லாரி இன்னும் வரவில்லை."

அவ்வளவுதான். சீட்டு மறுபடி பைக்குள் போகிறது. பருப்பு மட்டும் போகவில்லை. அதோடு எண்ணெய், புளி, சோப்பு எல்லாம் எதிர்க் கடைக்குப் போகின்றன!

"சரி, நாலு மூட்டை கூடுதலாக வாங்கிப் போட்டால் போகிறது" என்று சிலர் நினைப்பார்கள். அதிலும் நஷ்டம் உண்டு. பணம் மூட்டைக்குள் முடங்கும், வண்டு விழும், எலி புகும். அப்படியானால் எவ்வளவு இருக்கும்போது சொல்லி அனுப்ப வேண்டும்? எத்தனை மூட்டை வாங்க வேண்டும்? ஆமத்தூர் மாதிரி ஊரில் ஒரு கடையை உதாரணமாக வைத்து, துவரம் பருப்பு ஒன்றை மட்டும் கணக்குப் பார்க்கலாம்.

விற்றது எவ்வளவு?

முதலில் தெரிய வேண்டியது, வாரம் எத்தனை கிலோ விற்கிறது என்பது. கல்லாப் பெட்டியைப் பார்த்தால் இது தெரியாது. கடனுக்குக் கொடுத்தது கல்லாவில் இல்லையே! அது பற்று நோட்டில் அல்லவா இருக்கிறது!

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை இரவு கடை மூடும்போது பருப்பை நிறுத்து எழுத வேண்டும். போன வெள்ளிக்கிழமை இருந்த இருப்பு. அதோடு இந்த வாரம் வந்து இறங்கிய மூட்டை. இரண்டையும் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்தால் வந்துவிடும். ரொக்கத்துக்குப் போனதும் கடனுக்குப் போனதும் அதில் அடங்கும். வீட்டுச் சமையலுக்கு எடுத்ததும் அடங்கிவிடும்.

நம் உதாரணக் கடையில் எட்டு வாரம் இப்படி எழுதினார்கள். 62, 58, 66, 60, 34, 64, 70, 61 கிலோ என்று வந்தது.

நடுவில் 34 கிலோ என்று இருக்கிறதே, அது என்ன? அந்த வாரம் பருப்புத் தீர்ந்துபோயிற்று. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆகவே 34 என்பது கடை விற்ற அளவு. ஜனங்கள் கேட்ட அளவு அல்ல.

அதையும் சேர்த்து எட்டால் வகுத்தால் வாரத்துக்கு 59 கிலோதான் வரும். "விற்பனை குறைகிறது" என்று கடைக்காரர் குறைவாக வாங்குவார். குறைவாக வாங்கினால் மறுபடி தீரும். மறுபடி கணக்கு இன்னும் குறையும். தீர்ந்துபோன வாரத்தை அடித்துவிட வேண்டும். மீதி ஏழு வாரத்துக்கு 441 கிலோ. வாரத்துக்கு 63. நாளுக்கு 9 கிலோ.

லாரி வந்தது எப்போது?

அடுத்தது, சரக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பது. மொத்த வியாபாரியிடம் கேட்டால், "மூன்று நாளில் வந்துவிடும்" என்பார். அவர் வாக்கை நோட்டில் எழுதக் கூடாது. போன் செய்த தேதி ஒன்று, மூட்டை கடையில் இறங்கிய தேதி ஒன்று. இந்த இரண்டையும்தான் எழுத வேண்டும்.

நம் கடைக்காரர் எட்டுத் தடவை எழுதினார். மூன்று நாளில் வந்தது நான்கு தடவை. நான்கு நாளில் வந்தது இரண்டு தடவை. ஒரு தடவை ஐந்து நாள். ஒரு தடவை ஏழு நாள்! சராசரி போட்டால் 4 நாள்.

நாளுக்கு 9 கிலோ. சரக்கு வர 4 நாள். ஒன்பது நான்கு முப்பத்தாறு. "36 கிலோ இருக்கும்போது சொல்லி அனுப்பினால் போதும்" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சனிக்கிழமை செய்யும் வேலை

சம்பள நாளை மறந்துவிடக் கூடாது. இந்தக் கடையில் சனிக்கிழமை 18 கிலோ போகிறது. ஞாயிற்றுக்கிழமை 15 கிலோ. மற்ற ஐந்து நாளும் 6 கிலோ வீதம். மொத்தம் அதே 63 கிலோதான்.

வியாழக்கிழமை இரவு 36 கிலோ இருக்கிறது. கடைக்காரர் போன் செய்கிறார். திங்கட்கிழமை இரவு லாரி வருகிறது. நான்கு நாள், லாரி தாமதிக்கவில்லை. ஆனால் வெள்ளி 6, சனி 18 என்று 24 கிலோ போய்விட்டது. மீதி 12. ஞாயிற்றுக்கிழமைக்கு 15 கிலோ வேண்டும். லாரி சொன்னபடி வந்தும், ஞாயிறு மாலை பருப்பு இல்லை!

சராசரி என்பது பாதி நாள் காப்பாற்றும். பாதி நாள் கைவிடும். ஆகவே சராசரிக்கு மேல் ஒரு காப்பு இருப்பு வேண்டும். அது எவ்வளவு என்பதற்கும் நோட்டிலேயே பதில் இருக்கிறது.

அதிகமாக விற்ற வாரம் 70 கிலோ. அதாவது நாளுக்கு 10 கிலோ. அதிகமாகத் தாமதித்தது 7 நாள். இரண்டையும் பெருக்கினால் 70 கிலோ. இதுதான் சொல்லி அனுப்ப வேண்டிய அளவு. இதில் 36 கிலோ வழக்கமான விற்பனைக்கு. மீதி 34 கிலோதான் காப்பு இருப்பு.

ஏழு நாள் எந்தக் கிழமையில் தொடங்கினாலும் அதற்குள் ஒரு சனி, ஒரு ஞாயிறு மட்டுமே வரும். ஆகவே சம்பள நாள் தொல்லையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

கிலோ 150 ரூபாய் என்று வைத்தால், 34 கிலோவில் 5,100 ரூபாய் முடங்கும். துவரம் பருப்புக்கு இது தகும். பருப்பு இல்லாவிட்டால் சீட்டு முழுவதும் போய்விடும். ஆனால் மாதம் நான்கு பாட்டில் விற்கும் பன்னீருக்கு இப்படிக் காப்பு வைத்தால் கடை கிட்டங்கி ஆகிவிடும். அது இல்லையென்றால் வாங்குபவர் அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார்.

தினமும் நிறுக்க வேண்டாம்

70 கிலோ ஆயிற்றா என்று நாள்தோறும் நிறுத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பருப்பு 50 கிலோ மூட்டையாக வருகிறது. ஒரு மூட்டையில் சாக்கட்டியால் குறி போட்டுத் தனியே வைக்க வேண்டும். விற்கும் டின்னில் 20 கிலோ அளவில் ஒரு கோடு போட வேண்டும். மற்ற மூட்டைகள் தீர்ந்து, டின்னில் பருப்பு அந்தக் கோட்டுக்கு இறங்கினால் போன் செய்ய வேண்டியதுதான். கடைப் பையனுக்குக் கூட இது தெரியும்.

புது மூட்டை வந்ததும் அதில் குறி போட்டு, பழைய குறி மூட்டையை முன்னால் இழுத்து விற்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பு மூட்டையே வண்டுக்கு வீடாகும்.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் கம்பெனியின் தாயிச்சி ஓனோ என்ற என்ஜினீயரும் இதே மாதிரி செய்தார். எடுத்த சாமானுக்குப் பதில் சாமான் வரவழைக்க அட்டை முறை வைத்தார். அந்த யோசனை அவருக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவின் பலசரக்குக் கடைகளில்!

எத்தனை மூட்டை?

எப்போது சொல்வது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு வாங்குவது? இதற்கு 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர் ஒரு வழி சொன்னார். அடிக்கடி வாங்கினால் ஒரு செலவு; மொத்தமாக வாங்கி வைத்தால் இன்னொரு செலவு. இரண்டின் கூட்டுத்தொகை எங்கே குறைவோ அதுதான் சரியான அளவு.

நம் கடையில் ஒவ்வொரு தடவையும் வண்டி வாடகையில் பங்கு, இறக்கு கூலி எல்லாம் சேர்ந்து 120 ரூபாய் ஆகிறது. எத்தனை மூட்டை வந்தாலும் ஏறத்தாழ அதுதான். ஒரு கிலோ பருப்பு ஒரு வருஷம் கிடந்தால் வட்டி, வண்டு, எலி, சிந்தல் என்று 30 ரூபாய் போகிறது.

ஒவ்வொரு மூட்டையாக வாங்கினால் வருஷத்தில் 65 தடவைக்கு மேல் வாங்க வேண்டும். மொத்தச் செலவு சுமார் 8,600 ரூபாய். மூன்று மூட்டையாக வாங்கினால் சுமார் 4,870 ரூபாய். ஆறு மூட்டையாக வாங்கினால் மறுபடி 5,800 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. ஆகவே மூன்று மூட்டை. இரண்டரை வாரத்துக்குள் விற்றுவிடும். வண்டு விழ நேரம் இல்லை. நான்கு மூட்டை வாங்கினாலும் வித்தியாசம் 100 ரூபாய்தான். விலை ஏறும்போல் இருந்தால் ஒரு மூட்டை கூட வாங்குவதில் பாதகம் இல்லை.

ஆனால் அந்தப் பணம் யாருடையது? நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்குப் போட்டால், கிலோவுக்கு வருஷத்தில் வட்டி மட்டும் 90 ரூபாய். அப்போது கணக்கு மாறிவிடும். அதே கடைக்கு, அதே விற்பனைக்கு, இரண்டு மூட்டைதான் கட்டும்.

லாரி தாமதிக்கும்போது பதறிப்போய் இரண்டாவது தடவை ஆர்டர் கொடுப்பவர்களும் உண்டு. பிறகு இரண்டு லோடும் ஒன்றாக வந்து நிற்கும்! வழியில் வரும் மூட்டையையும் இருப்போடு சேர்த்து எண்ணினால் இந்த வம்பு வராது.

தீபாவளிக்கு முன்னும் பின்னும்

பட்டாசு ஊர்களில் இந்த 70 கிலோக் கோடு வருஷம் முழுவதும் செல்லாது. தீபாவளிக்கு முன் போனஸ் வருகிறது; விற்பனை ஏறுகிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கின்றன, விற்பனை இறங்குகிறது. பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்துப் பண்டிகை முடியும் வாரத்தில் வாங்கிய மூட்டைதான் பிறகு தூங்கும்.

இதற்குப் போன வருஷ நோட்டு உதவும். ஆனால் தேதிக்குத் தேதி ஒப்பிடக் கூடாது. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. அக்டோபர் கடைசி வாரம் ஒரு வருஷம் கூட்டம், மறு வருஷம் வெறிச்! ஆகவே "தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்", "ஒரு வாரம் பின்" என்று எண்ணி ஒப்பிட வேண்டும்.

எந்த நோட்டிலும் இல்லாத வருஷமும் வரும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன, மாதக்கணக்கில் திறக்கவில்லை. சம்பளம் இல்லாத சனிக்கிழமைகள் வந்தால் பற்று நோட்டு நீளும். ரொக்க விற்பனை சுருங்கும். அப்படிப்பட்ட சமயத்தில் எட்டு வாரச் சராசரி உதவாது. கடைசி இரண்டு வாரத்தை மட்டும் பார்த்து, டின்னில் போட்ட கோட்டை அழித்துக் கீழே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.