தளத்தில் என்ன செய்தீர்கள்?

வேலை கேட்டு வடிவமைப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும் இளம் கட்டடக் கலைஞர்கள் பலர், 'ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெச்சப் தெரியும். தள அனுபவம் உண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு இதில் பிடிமானம் எதுவும் கிடைக்காது. ரெவிட்டில் சுவரை நிறுத்திப் பார்த்தவரும், அதிலேயே முழு வீட்டுக்கும் வேலை வரைபடங்கள் எடுத்தவரும் இதே சொல்லைத்தான் எழுதுவார்கள். எந்தக் கட்டடத்துக்கு, எந்த வரைபடங்களை அதில் போட்டோம் என்று சொன்னால்தான் வேறுபாடு தெரியும்.

தள அனுபவத்துக்கு இது இன்னும் பொருந்தும். இப்படி எழுதலாம்: 'இரண்டு மாடி வீடு. முதல் தளக் கான்கிரீட்டுக்கு முன் கம்பிகளைச் சரிபார்த்தபோது, குளியலறைக் கழிவுக் குழாய் உத்தரத்தின் குறுக்கே போவதைக் கண்டேன். கட்டமைப்புப் பொறியாளரிடம் பேசி, குழாயின் பாதையை மாற்றித் திருத்திய வரைபடம் கொடுத்தேன்.' கவனிக்காமல் கான்கிரீட் போட்டிருந்தால் பிறகு உத்தரத்தைத் துளைக்க வேண்டி வந்திருக்கும். அந்தப் பழைய வரைபடம், திருத்தியது, தளப் புகைப்படம் மூன்றையும் தொகுப்பில் ஒரே பக்கத்தில் வைப்பது பளபளப்பான முப்பரிமாணப் படங்களைவிட அதிகம் பேசும். குழுவாகச் செய்த வேலையென்றால் தன் பங்கை மட்டும் குறிப்பிட வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

தொகுப்பின் இணைப்பை, அனுப்புமுன் உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால், பகிர்வு அமைப்பை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.