ஒன்றை அழுத்தினால்தான் தெரியும்

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பிக் கரும்பு போட்டவர்களுக்கு இயந்திரம் போன் செய்வது புதுமையல்ல. கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உட்கார்ந்திருக்கும். மும்முனை மின்சாரம் வந்தாலோ, கிணறு வற்றி மோட்டார் சும்மா ஓடினாலோ அது தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லும். அதே பெட்டி எஸ்.எம்.எஸ். அனுப்பவும் செய்யும்தான். ஆனால் ரீசார்ஜ் நினைவூட்டலுக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் செய்தியை மறுநாள் காலையில் பார்த்து என்ன பயன்? மணி அடித்தால்தான் கை போனுக்குப் போகிறது.

மோட்டார் காயில் எரிந்தால் செலவோடு போகும். உயிர் போகிற இடத்தில் இதே சிக்கல் வந்த ஊர் வால்பாறை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் காட்டுத் துண்டுகளில் யானைகள் நடமாடுகின்றன. மாலையில் கடைவீதிக்குப் போய்விட்டு பஸ்ஸில் இறங்கி லயத்துக்கு நடப்பவர், வளைவில் யானை நிற்பது தெரியாமல் நேராக அதன் முன் போய் நின்றுவிடுவார். இறப்புகளில் மிகுதியும் இப்படித் தெரியாமல் எதிர்ப்பட்டவையே என்பதை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் கண்டார்கள். யானையை விரட்டுவதைவிட அது எங்கே நிற்கிறது என்று மனிதருக்குச் சொல்வது சுலபம் என்ற முடிவுக்கு வந்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுத்து ஓட்டினார்கள். 2011 முதல், யானை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உயரமான இடங்களில் கைபேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். பிறகு தமிழில் பதிவுசெய்த குரல் அழைப்பும் சேர்ந்தது. இந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான எம். ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

எழுத்து, விளக்கு, குரல் என்று ஒரே சேதியை ஏன் இத்தனை வழியில் சொல்ல வேண்டும்? எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, குறுஞ்செய்தியின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது.

நாம் அனுப்பும் எஸ்.எம்.எஸ். நேராக அடுத்தவர் போனுக்குப் போவதில்லை. கம்பெனியின் செய்தி மையத்தில் இறங்கி, அங்கே காத்திருந்து, பெறுபவரின் போன் டவரில் தென்பட்டதும் கிளம்புகிறது. போன் அதை வாங்கி நினைவகத்தில் வைத்ததும் ‘வந்து சேர்ந்தது’ என்று தானாகவே பதில் கொடுத்துவிடும். அனுப்பியவர் திரையில் `DELIVRD` என்று விழும். இந்தப் பதிலைக் கொடுப்பது போன், ஆள் இல்லை. போன் சார்ஜரிலும் ஆள் மாட்டுக்கொட்டகையிலும் இருந்தாலும் அதே `DELIVRD`தான். சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் ‘படித்தாயிற்று’ என்ற அடையாளமே கிடையாது. ஆகவே ‘படிக்காவிட்டால் கூப்பிடு’ என்று ஓர் இயந்திரத்துக்குக் கட்டளை போட முடியாது. ‘பதில் வராவிட்டால் கூப்பிடு’ என்றுதான் போட முடியும்.

தமிழ்ச் செய்திக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 கொள்ளும், தமிழென்றால் 70 இடம்தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பல சமயம் இரண்டாக எண்ணும். ‘யானைக் கூட்டம்’ என்பது நம் கண்ணுக்கு ஏழெழுத்தும் ஓர் இடைவெளியும். கணினிக்கு அது 14. ஊர்ப்பெயர், நேரம், என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்தால் செய்தி இரண்டு மூன்றாக உடையும்.

இதை நம் ஆற்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதாகச் சொல்லவில்லை, ஒரு கணக்குக்காகத்தான். கல்வராயன் மலையில் கனமழை. 46 அடி கோமுகி அணை நிரம்பப் போகிறது, உபரி நீரைத் திறக்க வேண்டும். கரையோரம் 600 வீடுகள். முதலில் எல்லோருக்கும் குறுஞ்செய்தி: படித்ததும் இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். காசில்லாமல் பதில் வாங்க இதைவிட நல்ல வழி நம் நாட்டில் இன்னும் வரவில்லை. மூன்று நிமிடத்தில் மிஸ்டு கால் வராத எண்களை இயந்திரம் அழைக்கத் தொடங்கும்.

இங்கேதான் அழைப்புக்கு உள்ள அருமையான குணம் தெரிகிறது. தோற்றுப்போன அழைப்பும் சேதி சொல்லும். தொலைபேசி வலையமைப்பு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரண எண் தருகிறது. 17 என்றால் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிடலாம். 19 என்றால் மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை முயலலாம். 20 என்றால் போன் டவரிலேயே இல்லை. காத்திருப்பது வீண், உடனே பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போக வேண்டும். மலையில் வெள்ளிமலைப் பக்கம் போனவருக்கு இந்த 20 அடிக்கடி விழலாம். அப்படிப்பட்டவருக்குக் குரல் போகாது, ஆனால் எஸ்.எம்.எஸ். மையத்தில் காத்திருந்து டவர் கிடைத்ததும் வந்து சேரும். குறுஞ்செய்தி காத்திருக்கும், அழைப்பு காத்திருக்காது. அதனால்தான் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

எடுத்தாலும் வேலை முடிந்ததாகாது. எடுத்தது குழந்தையாக இருக்கலாம், சட்டைப்பையில் விரல் பட்டிருக்கலாம். ஆகவே குரல் முடிவில் ‘கேட்டுவிட்டீர்கள் என்றால் ஒன்றை அழுத்துங்கள்’ என்கிறது. ஒன்றை அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். ஒன்று மற்றதன் மடங்காக வராதபடி பார்த்துப் பொறுக்கிய சுரங்கள் இவை. மனிதக் குரலிலோ சங்கீதத்திலோ இந்த ஜோடி தற்செயலாக அமைவது அபூர்வம். வீட்டில் டி.வி. அலறினாலும், கன்று கத்தினாலும் இயந்திரம் அதை ‘ஒன்று’ என்று ஏமாறாது. அழைப்பில் அனுப்பியவருக்கு இது ஒன்றுதான் உண்மையான ரசீது.

பேச்சின் வரிசையும் முக்கியம். ‘வணக்கம், இது ஒரு முக்கிய அறிவிப்பு’ என்று தொடங்கினால் விளம்பரம் என்று மூன்றாவது வினாடியில் வைத்துவிடுவார்கள். ‘கோமுகி ஆற்றில் தண்ணீர் வருகிறது’ என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். 140-ல் தொடங்கும் விளம்பர எண்களால் நொந்துபோன கைகள் இவை என்பதை மறக்கக்கூடாது.

அழைப்பின் பெரிய குறை, அது ஒரே நேரத்தில் எல்லோரையும் கூப்பிட முடியாது. ஒரு பி.ஆர்.ஐ. லைனில் ஒரு சமயத்தில் 30 பேச்சுத்தான் போகும். 600 வீட்டுக்கும் ஆளுக்கு 40 வினாடி என்றால் 20 சுற்று, 800 வினாடி, ஏறக்குறைய 13 நிமிடம். மறுமுயற்சிகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். அகரவரிசைப்படி அழைத்தால் அணையடியில் இருப்பவர் கடைசியில் மாட்டலாம். தண்ணீர் யாரை முதலில் தொடுமோ அவரிலிருந்து தொடங்க வேண்டும். வால்பாறையில் யானைக்குப் பக்கத்திலிருப்பவர்களைக் கணக்கில் எடுத்ததும் இதே அறிவுதான்.

இரவில் போனைத் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வைத்துத் தூங்குபவர்களுக்கு ஒரு சொல். அந்த அமைப்பில் ‘மீண்டும் அழைப்பவர்’ என்ற வசதி இருக்கும். ஆண்ட்ராய்டில் அதைத் திறந்து வைத்திருந்தால், அதே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு மணி அடிக்கும். இயந்திரத்தை அமைப்பவர்கள் இரண்டாவது முறையும் அதே எண்ணிலிருந்தே கூப்பிடும்படி அமைக்கட்டும். கரையோரம் இருப்பவர்கள் இன்றிரவு தூங்குமுன் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.