குளிர்ந்த எஞ்சின் கூறும் உண்மை

மன்னார்த் தீவின் வடகரையை அண்டியுள்ள எருக்கலம்பிட்டியில் பழைய கார் வாங்குவோர் பலருக்கு அது புத்தளத்திலிருந்தே வந்து சேருகிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளப் பகுதியில் குடியமர்ந்தனர். 2009இன் பின்னர் பலர் ஊர் திரும்பினர். இதனால் ஒரே குடும்பத்தின் உறவும் கொடுக்கல் வாங்கலும் இரண்டு ஊர்களிலும் பரந்து கிடக்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆதலின், வாங்க வரும் காரின் உள்நிலையை அறியும் வழி யாது என்பது இங்கு வெறும் ஆர்வத்தால் எழும் கேள்வியன்று. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைப் பற்றிய கேள்வியாகும்.

அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு முழுவதும் ஓடாது நின்ற எஞ்சினை, விடியற்காலையில் முதன்முறையாக உயிர்ப்பித்துப் பார்த்தலே அச்சோதனை. குளிர்நாடுகளில் உறைபனியிற் செய்யப்படும் சோதனை இது என்று சிலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. இங்கே குளிர்ந்த எஞ்சின் என்பது, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிட்ட எஞ்சினைக் குறிக்கும். மன்னாரின் வெப்பமான விடியலிலும் இச்சோதனை முழுப் பயன் தரும்.

குளிர்ந்த எஞ்சினுக்கு இத்துணை மதிப்பு ஏன்? எஞ்சின் நின்றிருக்கும்போது மேற்பகுதிகளிலுள்ள எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தொட்டியைச் சேர்கிறது. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியத்தாலானது. அலுமினியமோ இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும் இயல்புடையது. ஆகவே இரும்புச் சுவருள்ள சிலிண்டரில் பிஸ்டனைச் சூழ்ந்த இடைவெளி குளிர்ந்த நிலையிற் சற்று அகன்றும், சூடேறியபின் நெருங்கியும் இருக்கும். தேய்ந்த உறுப்புகளின் ஆட்டத்தைச் சூடு மூடிவிடுகிறது. இரவில் துளித்துளியாய்க் கசிந்த எண்ணெயும் நீரும் முதல் ஒரு நிமிடத்தில் எரிந்து மறைந்துவிடுகின்றன. பத்து மணிக்கு வந்து காரைப் பார்ப்பவர் அந்த ஒரு நிமிடத்தை இழந்துவிட்டவராவர்.

இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். எருக்கலம்பிட்டி வியாபாரி ஒருவர், ஆயிரத்து ஐந்நூறு கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சினுடைய யப்பானியக் கார் ஒன்றை வாங்க எண்ணினார். விற்பவர் அதனைப் புத்தளத்திலிருந்து ஓட்டிவந்து உறவினர் வளவில் நிறுத்தியிருந்தார். வந்த உடனே பார்த்தபோது எஞ்சின் ஓசையின்றி இயங்கியது, புகையும் இல்லை. வியாபாரி முற்பணம் கொடுக்கத் துணிந்தார். அவருடன் வந்த முதிய மெக்கானிக் அவரைத் தடுத்து, “தம்பி, இது இப்போதுதான் ஓடி வந்த வண்டி. இன்றிரவு இங்கேயே நிற்கட்டும். நாளைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் நாம் வருவோம். அதுவரை யாரும் திறப்பைத் தொட வேண்டாம்” என்றார்.

மறுநாள் அவர் முதலிற் செய்தது முன்மூடியைத் திறந்து எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்ததுதான். வாங்குபவர் வருமுன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைப்பது சிலருடைய வழக்கம். எஞ்சினும் அதன் அருகே புகைக்குழாயும் வெதுவெதுப்பாயிருப்பின் அன்றைய சோதனை பயனற்றது. மற்றொரு நாள் வருதலே முறை. இங்கே இரண்டும் குளிர்ந்திருந்தன. அடுத்து, அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்த்தார். அளவு சரியாயிருந்தது, பால் கலந்தது போன்ற வெளிறல் இல்லை. பின்னர் றேடியேற்றரின் மூடியைத் திறந்தார். சூடான எஞ்சினில் இதனை ஒருபோதும் செய்தலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். உள்ளே இருந்த நீர், குளிர்விக்கும் திரவத்துக்குரிய பச்சையோ சிவப்போ இன்றித் துருநிறமாயிருந்தது. ஒரு விரற்கடை குறைந்தும் இருந்தது. அவர் ஒன்றும் கூறாமல் நீர் வார்த்து நிரப்பி, மூடியை இறுக்கினார்.

அதன்பின் ஒருவரைக் காருக்குள் அமர்த்தி, அக்சிலறேற்றரை மிதிக்காமல் திறப்பை எஞ்சின் இயங்குவதற்கு முந்திய நிலைக்கு மட்டும் திருப்பச் சொன்னார். எண்ணெய் அழுத்த விளக்கு, பற்றறி விளக்கு, எஞ்சின் விளக்கு ஆகியன அப்போது எரிதல் வேண்டும். எரியாத விளக்கு ஒன்று இருப்பின், குறையை மறைக்க அதனை யாரோ நீக்கியிருக்கலாம். மூன்றும் எரிந்தன. தாம் எஞ்சினுக்கு முன்னாலும், வியாபாரி புகைக்குழாய்க்குப் பின்னாற் சற்று விலகியும் நிற்க, எஞ்சினை இயக்கச் செய்தார்.

முதலிற் செவிக்கே வேலை. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஓரிரு விநாடியிற் பற்றிக்கொள்ளும். பற்றியவுடன் மேற்புறத்தில் எழும் மெல்லிய டிக்டிக் ஒலி, எண்ணெய் மேலேறும்வரை சில விநாடிகள் கேட்டு அடங்கினால் அஃது அத்துணைக் குற்றமன்று. எஞ்சினின் ஒரு முனையிற் சங்கிலி உரசுவது போன்ற கலகலப்பு எழுந்து பல விநாடிகள் நீடித்தால், வால்வுகளை இயக்கும் சங்கிலியோ அதன் இறுக்கியோ தேய்ந்திருத்தல் கூடும். குளிரில் எழுந்து சூடேறியதும் மறையும் மந்தமான தட்டொலி பிஸ்டனின் ஆட்டத்தைக் காட்டும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த இடியொலி. சூடேறி எண்ணெய் இளகியபின்னும் அது குறையாது. வேகம் கூட்டினால் மிகும். அது தண்டுகளின் தாங்கிகள் தேய்ந்தமைக்கு அடையாளம். அத்தகைய காரை விட்டுவிடுதலே நன்று.

கடற்கரை ஊர்களில் ஒரு மயக்கமும் உண்டு. உப்புக் காற்றால் புகைக்குழாயோ அதன் இணைப்போ அரித்துப் பிளந்திருந்தால், அவ்வழியே புகை ஊதி வால்வின் டிக்டிக் போலவே ஒலிக்கும். சூட்டில் உலோகம் விரிந்து பிளவு மூடியதும் ஒலி நின்றுவிடும். மூட்டுகளின் அருகே கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

அன்று அந்தக் காரில் இவ்வகை ஒலி எதுவும் இல்லை. ஆனால் அதன் ஓட்டம் சீராயில்லை. குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று அளவிற் சற்று விரைந்து ஓடி, சில நிமிடங்களிற் படிப்படியாக எழுநூறு, எண்ணூறுக்கு இறங்குவதே இயல்பு. தொடக்கத்திலேயே தாழ்ந்து தடுமாறி நின்றுவிட முயன்றால், காற்று செல்லும் வாயிலிற் கரி படிந்திருக்கலாம். வெப்பமறியும் கருவி பிழையாயிருக்கலாம். இவை சிறு செலவிற் தீரக்கூடியவை. இந்தக் காரோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போல் முதல் அரை நிமிடம் குலுங்கியது. பின்னர் தானாகவே சீராயிற்று. குலுக்கம் நின்ற அதே வேளையிற் புகையும் தெளிந்ததைப் பின்னால் நின்ற வியாபாரி கண்டார். அதுவரை வெளிவந்தது வெண்புகை.

புகையின் நிறம் மூன்று செய்திகளைத் தரும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். முதலில் ஒரு முறை மட்டும் எழுந்து மறைந்தால், வால்வுத் தண்டின் இறப்பர் அடைப்புகள் தளர்ந்து இரவில் எண்ணெய் வடிந்திருக்கலாம். வேகங் கூட்டுந்தோறும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். பின்னது பெருஞ் செலவு. கரும்புகை, பெற்றோல் மிகுதியாகச் செல்வதைக் குறிக்கும். வெண்மையோ இருவகை: ஒன்று வெறும் ஈரத்தின் ஆவி, மற்றொன்று எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிந்து எழும் புகை.

விற்பவர், “விடியற் பனிதான் நானா, வேறொன்றுமில்லை. தண்ணீர் கசிந்தால் இனிப்பு வாடை அடிக்குமென்று சொல்வார்கள். இதில் வாடையே இல்லையே” என்றார்.

“இனிப்பு வாடை குளிர்விக்கும் திரவத்துக்கு உரியது, தம்பி. இதில் இருப்பது கிணற்றுத் தண்ணீர். அதற்கு வாடை ஏது?” என்றார் மெக்கானிக்.

ஆவியாயின் குழாயைவிட்டு ஒரு முழத்துக்குள் கரைந்துவிடும். மன்னாரின் வெப்பமான காற்றில் அது கண்ணுக்குத் தெரிவதே அரிது. இந்தப் புகையோ வளவின் மதில்வரை மிதந்து சென்றது. மெக்கானிக் உடனே றேடியேற்றரின் மேற்குழாயைக் கையால் அழுத்திப் பார்த்தார். குழாய் இன்னும் சூடேறவில்லை. ஆயினும் அதற்குள் விறைத்துவிட்டது. சூட்டினால் வரும் அழுத்தம் இத்துணை விரைவில் வராது. சிலிண்டரில் வெடிக்கும் வாயுவே நீர்ப்பாதைக்குள் புகுந்திருத்தல் வேண்டும். பக்கத்துச் சிறு தாங்கியிலும் குமிழிகள் இடைவிடாது எழுந்தன. குலுக்கம், வெண்புகை, விறைத்த குழாய், குறைந்த நீர் ஆகிய நான்கும் சிலிண்டர்த் தலையின் கீழுள்ள கஸ்கற் பழுதுற்றிருப்பதையே சுட்டின. தலையில் வெடிப்பு இருந்தாலும் இதே குறிகள் தோன்றும்.

எனினும் அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. கராஜில் நான்கு பிளக்குகளையும் கழற்றியபோது, மூன்று மங்கிய பழுப்பாயிருக்க, ஒன்று மட்டும் ஆவியாற் கழுவியது போல வெளுத்திருந்தது. நீர்ப்பாதைக்கு அழுத்தம் கொடுத்தபோது, வெளியே ஒரு துளியும் ஒழுகாமலே அளவுமானியின் முள் இறங்கியது.

இப்பழுதின் வேர் பெரும்பாலும் நீரிலேயே உள்ளது. கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவரானது. அதனைத் தொடர்ந்து வார்த்தால் துருவும் உப்பும் படிந்து றேடியேற்றர் அடைபடும். அலுமினியத் தலை அரிக்கும். மதவாச்சி மன்னார் நெடுஞ்சாலையின் வெயிலிற் பாரத்தோடு ஓடும்போது எஞ்சின் கொதிக்கும், தலை நெளியும், கஸ்கற் விட்டுவிடும். தலையைக் கழற்றிச் சமன்செய்து பூட்டினால் தீரலாம். வெடித்திருந்தால் தலையையே மாற்ற நேரிடும். கழற்றிப் பார்க்குமுன் எவரும் செலவை உறுதியாகக் கூறவியலாது.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. கியர்ப் பெட்டியையோ அடித்தட்டின் துருவையோ அது காட்டாது. ஹைபிரிட் கார்களில் திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் இயங்கவேண்டுமென்பதில்லை; அது தானாகத் தொடங்கும்வரை காத்திருந்தே கேட்க வேண்டும். டீசல் எஞ்சினில் முதலில் எழுந்து கண்ணைக் கரிக்கும் வெண்புகை, நீரினால் அன்றி, எரியாத டீசலால் வருவதாகவும் இருக்கலாம்.

வியாபாரி அந்தக் காரை வாங்கவில்லை. விற்பவர்மீது அவருக்குச் சினமும் எழவில்லை. ஏனெனில், விற்பவரும் அதனைச் சில மாதங்களுக்கு முன்னரே வாங்கியவர். நீர் அடிக்கடி குறைவதை அவர் கண்டிருந்தார். காரணம் அறியாது கிணற்று நீரை வார்த்து வந்தார். அவர் வாங்கச் சென்ற நேரம் யாதென்று மெக்கானிக் வினவினார். “பகல் பன்னிரண்டு மணி, நானா. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள்” என்பதே அவர் விடையாயிருந்தது.