அத்தையின் ஏழு நிமிடமும் ஆறு வேலைகளும்

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யப் பொறுமை இருப்பதில்லை. மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு மனதில் வருகிற வரிசையில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஒலிச்செய்தியை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வாங்க வேண்டிய சாமான் எந்த நிமிடத்தில் வந்தது என்று தேடும்போது அது கைகொடுப்பதில்லை. அதனால் பலரும் பேச்சை எழுத்தாக மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்றினால் முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு பெரிய பத்தி வந்து நிற்கிறது. அதைக் கடையில் நின்றபடி பார்க்கக்கூடிய நாலைந்து வரியாகச் சுருக்க வேண்டும். அத்தை கேட்ட ஒன்றும் விட்டுப்போகவும் கூடாது.

ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். கோவில்பட்டிப் பக்கத்து அத்தை ஒருவர், சென்னையில் இருக்கும் அண்ணன் மகனுக்குத் திங்கட்கிழமை, 9-ம் தேதி அனுப்பிய ஏழு நிமிடச் செய்தி என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாக மாறிய பேச்சில் முக்கியமான பகுதி இது:

“மருமகனே நல்லா இருக்கியா நேத்தே பேசணும்னு இருந்தேன் கரண்ட் இல்ல வர்ற ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து சனிக்கிழமை ராத்திரியே வந்துரு பஸ்ஸுல வராத போன தடவ இடுப்பு வலின்னு படுத்துட்ட ரெண்டு ஜாக்கெட் பிட்டு மெரூன்ல எடுத்துட்டு வா அந்த முழங்கால் தைலம் பொங்கலுக்கு வாங்கிட்டு வந்தியே இங்க எந்தக் கடையிலயும் கிடைக்க மாட்டேங்குது தாம்பூலப் பை அம்பது அங்கேயே வாங்கிரு இங்க வெல சாஸ்தி சித்திய நீயே போன்ல கூப்பிட்டுரு நான் கூப்பிட்டா பழசப் பேசுவா ஜாக்கெட் பிட்டு வேண்டாம் உங்க அக்கா எடுத்துட்டாளாம் நீ பணம் அனுப்புனத மாமாகிட்ட சொல்லிராத உங்க வீட்ல எத்தன பேருன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லு சமையக்காரர் கேக்காரு”

சுருக்கும்போது பெரும்பாலோர் முதல் வரியிலிருந்தே வெட்டத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஜாக்கெட் பிட் பட்டியலில் ஏறிவிடும்; நாலு வரி தள்ளி அத்தை அதை வேண்டாம் என்று சொன்னது கண்ணில் படாது. பேச்சில் திருத்தம் எப்போதும் பின்னால்தான் வரும். ஆகவே கடைசி வரை ஒருமுறை படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் மேலே ஓர் எண் போட வேண்டும். வந்துரு, வாங்கிரு, கூப்பிட்டுரு, சொல்லு என்று ஏவலாக வருபவை சுலபமாகச் சிக்கும். சொல்லிராத, வராத என்று தடுப்பவையும் கோரிக்கைகளே. அவற்றில் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை என்பதால் பட்டியலிலிருந்து நழுவிவிடுகின்றன.

கேள்வியாகவோ கட்டளையாகவோ வராத கோரிக்கையைப் பிடிப்பதுதான் கடினம். தைலத்தை வாங்கி வா என்று அத்தை எங்கேயும் சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறார். ஆனால் கேட்கும் மருமகனுக்கு அதன் பொருள் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள், அதிலும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கத் தயங்குகிறவர்கள், இப்படித்தான் கேட்பார்கள். கிடைக்கவில்லை, தீர்ந்துபோச்சு, போன தடவை வாங்கினது நல்லா இருந்தது என்ற மாதிரி வரிகள் வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். கோரிக்கையா, வெறும் புலம்பலா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றால் பட்டியலில் கேள்விக்குறியோடு சேர்க்கலாம். விட்டுவிடுவதைவிட அது நல்லது.

எதை வெட்டலாம்? கரண்ட் போனதை, விலை சாஸ்தி என்பதை, போன தடவை வந்த இடுப்பு வலியை வெட்டலாம். காரணங்கள் போனால் வேலை கெடாது. ஆனால் எல்லாக் காரணமும் அப்படி அல்ல. நான் கூப்பிட்டா பழசப் பேசுவா என்பதை எடுத்துவிட்டு, ‘சித்தியை அழைக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், ஊரில் உள்ள யாராவது போய் அழைத்துவிட்டு வருவார்கள். சித்தி வர மாட்டார். இங்கே ‘நீயே’ என்ற சொல்தான் கோரிக்கையின் உயிர். பொங்கலுக்கு வாங்கியது என்ற தகவலும் அப்படித்தான். பெயர் சொல்லாத தைலத்துக்கு அது ஒன்றுதான் அடையாளம். ஒரு வரியை எடுத்துவிட்டால் வேலையைச் செய்யும் விதம், ஆள், அளவு, நாள் இவற்றில் ஏதாவது மாறுமா என்று கேட்டுப் பார்த்தால், அதை வெட்டலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும்.

நாள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சனிக்கிழமை ராத்திரியே வந்துரு என்பதை அவசரத்தில் ‘சனி இரவு ரயில்’ என்று எழுதிவிடுவோம. சென்னையில் இரவில் ஏறினால் நெல்லை எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில்தான் கோவில்பட்டியைத் தொடும். அத்தை சொல்வது வந்து சேரும் நேரத்தை. அப்படியானால் வெள்ளி இரவோ சனிக்கிழமை பகலோ கிளம்பியாக வேண்டும். வர்ற ஞாயிறு என்பதையும் செய்தி வந்த தேதியிலிருந்து எண்ணி 15-ம் தேதி என்று எழுதிவிட்டால், அதை இரண்டு நாள் கழித்துப் படிப்பவருக்கும் குழப்பம் வராது.

இனி எழுத்தில் வந்ததையே எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் எண்களில் தடுமாறும். தாம்பூலப் பை அம்பது என்று வந்திருக்கிறது. அத்தை சொன்னது எம்பது, அதாவது எண்பது, ஆகவும் இருக்கலாம். வேகமாகப் பேசினால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். வேணும், வேணாம் என்ற ஜோடியும் அப்படித்தான்; ஒரே ஓர் எழுத்து மாறினால் கோரிக்கை தலைகீழாகிவிடும். முழு ஏழு நிமிடத்தையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. எண்கள், ஆள் பெயர்கள், வேணும் வேணாம் வரும் இடங்கள், இவற்றை மட்டும் ஒலியில் தேடிக் கேட்டால் போதும். மருந்துப் பெயரை மட்டும் எழுத்தாகி வந்ததிலிருந்து எடுக்கவே கூடாது. மருத்துவர் சீட்டையோ பழைய அட்டையையோ படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரியில் ஒலியைக் கேட்டபோது அது எண்பதுதான் என்று வைத்துக்கொண்டால், சுருக்கம் இப்படி அமையும்:

1. 12-ம் தேதி வியாழனுக்குள்: நம் வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று அத்தைக்குச் சொல்ல வேண்டும்.
2. சித்தியை நானே போனில் அழைக்க வேண்டும். அத்தை அழைக்க மாட்டார்.
3. தாம்பூலப் பை 80, சென்னையிலேயே வாங்க வேண்டும்.
4. முழங்கால் தைலம், பொங்கலுக்கு வாங்கியதே.
5. 14-ம் தேதி சனி இரவுக்குள் ஊரில் இருக்க வேண்டும். பஸ் வேண்டாம். (காதுகுத்து 15 ஞாயிறு.)
6. பணம் அனுப்பியதை மாமாவிடம் சொல்லக் கூடாது.
ஜாக்கெட் பிட்: வேண்டாம், அக்கா எடுத்துவிட்டாள்.

வரிசை அத்தை பேசியபடி இல்லை. எது முதலில் முடிய வேண்டுமோ அது மேலே வந்திருக்கிறது. ரத்தான ஜாக்கெட் பிட்டையும் ஒரு வரியில் விட்டுவைத்ததற்குக் காரணம் உண்டு. செய்தியின் முதல் பாதியை மட்டும் கேட்ட மனைவி துணிக்கடைக்குப் போய்விடக் கூடாது. முடித்த பிறகு பட்டியலை வைத்துக்கொண்டு மூலத்தில் போட்ட எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். அடிபடாமல் ஓர் எண் நின்றால் ஒரு கோரிக்கை விட்டுப்போயிருக்கிறது. பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் நாமாக எதையோ சேர்த்திருக்கிறோம்.

ஆறாவது வரியில் ஓர் ஆபத்து இருக்கிறது. வசதியாக இருக்கிறதே என்று இந்தப் பட்டியலை அப்படியே குடும்பக் குழுவில் போட்டால், மாமாவும் அந்தக் குழுவில்தான் இருப்பார். இரண்டாவது வரி சித்தியின் கண்ணில் பட்டால் காதுகுத்துக்கு அவர் வரவே மாட்டார். ஆகவே முழுப் பட்டியல் ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு அவரவர் வேலை உள்ள வரியை மட்டும் பிரித்து அனுப்ப வேண்டும்.

கடைசியாக, அத்தையிடம் அரை நிமிடம் பேசி வரிகளை ஒப்பித்துவிடுவது நல்லது: “அத்தை, பை எம்பது, பழைய தைலம், சித்திய நான் கூப்பிடுறேன், ஜாக்கெட் பிட்டு வேண்டாம், சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்துருவேன், மாமாகிட்ட மூச்சு விட மாட்டேன், எத்தனை பேருன்னு புதன்கிழமை சொல்றேன். சரிதானே?” பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். கூடவே ஏழாவதாக ஒன்றும் வரும்.